திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில்?

பதினான்கு டாலர் கொடுத்து இணையத்தில் வாங்கிய பொருள் தவறாக வந்துவிடுகிறது. விற்றவர் இருப்பது சீனாவின் சென்ஷென் நகரில். புகார் சொன்னதும் பணிவான பதில் வருகிறது: "மன்னிக்கவும், பொருளைத் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணத்தையும் தந்துவிடுகிறோம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அஞ்சலகத்தில் விசாரித்தால், திருப்பி அனுப்பும் கட்டணம் பொருளின் விலையைத் தாண்டி நிற்கிறது. வாங்கியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

விட வேண்டியதில்லை. அந்தக் கட்டணம் வாங்கியவரை மட்டும் மிரட்டும் தொகை அல்ல. தவறு விற்றவருடையது என்று பதிவாகிவிட்டால் அதே கட்டணம் அவருக்குத் தலைவலியாகிவிடும். எல்லாம், செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அதுவோ, புகார் செய்த முதல் ஐந்து நிமிடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

வரும்போது அஞ்சல் செலவே இல்லாமல் வந்த பொருள், திரும்பிப் போகும்போது மட்டும் ஏன் இவ்வளவு கேட்கிறது? இதற்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உலக அஞ்சல் ஒன்றியம் உருவானபோது, ஒவ்வொரு நாடும் தான் விற்கும் தபால்தலைக் காசைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஒரு கடிதம் போனால் பதில் கடிதம் ஒன்று வரும், கணக்கு தானாகச் சரியாகிவிடும் என்பது அன்றைய எண்ணம். சில நாடுகள் அனுப்புவது அதிகமாகவும் பெறுவது குறைவாகவும் ஆனபோது அந்தக் கணக்கு உடைந்தது. 1969இல் டோக்கியோவில் கூடிய ஒன்றியத்தின் மாநாடு, தபாலைப் பெற்றுக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நாட்டுக்கு அனுப்பும் நாடு ஒரு தொகை தர வேண்டும் என்று வகுத்தது. வளரும் நாடுகளுக்கு அந்தத் தொகை குறைவு. சீனாவும் நெடுங்காலம் அந்தச் சலுகையில் இருந்தது. சீனாவிலிருந்து வரும் சிறு பொட்டலத்தைக் கொண்டுசேர்க்க, உள்ளூர் வணிகர் தரும் கட்டணத்தைவிடக் குறைவாகவே தமக்குக் கிடைக்கிறது என்று அமெரிக்கா கொதித்தது. 2018 அக்டோபரில் ஒன்றியத்தை விட்டு விலகப்போவதாகவே அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாடு, நிறையத் தபால் பெறும் நாடுகள் இந்தக் கட்டணத்தைத் தாங்களே அறிவிக்கலாம் என்று விட்டுக்கொடுத்த பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சென்ஷென் வியாபாரி ஒற்றைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அஞ்சலக வரிசையில் நிற்பதில்லை. பல கடைகளின் பொட்டலங்களை ஒன்றாகத் திரட்டி, எடைக்கணக்கில் விமானமேற்றும் நிறுவனங்களிடம் கொடுத்துவிடுகிறார். நாமோ ஒரே ஒரு உறையோடு கவுன்டரில் நின்று சில்லறைக் கட்டணம் கட்டுகிறோம். போகிற பாதையும் வருகிற பாதையும் ஒன்றுதான், விலைப்பட்டியல்தான் வேறு.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கோவையில் ஒருவர் பழைய லென்ஸ்களைப் புதிய கேமராவில் மாட்டிப் படமெடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஈபே தளத்தில், எம்42 லென்ஸைச் சோனி கேமராவில் பொருத்தும் உலோக வளையம் ஒன்றை 14 டாலருக்கு வாங்குகிறார். நம் பணத்தில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ரூபாய். வந்ததோ கேனான் கேமராவுக்கான வளையம். திருப்பி அனுப்ப, போய்ச் சேர்ந்ததா என்று கண்காணிக்கக்கூடிய வெளிநாட்டுத் தபாலுக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய் ஆகும் என்று கொள்வோம்.

திருப்பி அனுப்ப விண்ணப்பிக்கும்போது தளம் காரணம் கேட்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பட்டியலில் "பொருந்தவில்லை" என்றொரு காரணம் இருக்கும். வளையம் கேமராவில் பொருந்தவில்லைதானே என்று அதை அழுத்திவிடுவார்கள். தளத்தின் கணக்கில் அது வாங்கியவரின் மனமாற்றத்தோடு சேர்ந்த வகை. விற்றவர் இலவசத் திருப்பம் என்று அறிவித்திருந்தாலொழிய, அனுப்பும் செலவு வாங்கியவரைச் சேரும். இவர் சொல்ல வேண்டியது, வேறு பொருள் வந்திருக்கிறது, விவரணையோடு ஒத்துப்போகவில்லை என்பதை. அப்படிப் பதிந்தால் திருப்பி அனுப்பும் செலவு விற்றவருடையது என்பது தளத்தின் விதி. கட்டணம் செலுத்தப்பட்ட அஞ்சல் முகவரிச்சீட்டை அவர் அனுப்ப வேண்டும், அல்லது அதற்கான பணத்தைத் தர வேண்டும். பொருள் வந்து சேர்ந்து 30 நாளுக்குள் இந்த விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். விற்றவருக்கு மூன்று வேலைநாள் அவகாசம். அதற்குள் தீராவிட்டால் தளத்தையே நடுவராக அழைக்கலாம்.

இப்போது விற்றவர் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். முகவரிச்சீட்டு கொடுத்துப் பொருளை வரவழைத்தால், 14 டாலரையும் திருப்பித் தர வேண்டும், அதற்கு மேல் தபால் செலவும் போகும். கைக்கு வருவது சில டாலர் அடக்கவிலை உள்ள ஒரு வளையம். பொருளே வேண்டாம் என்று முழுப் பணத்தையும் தந்துவிட்டால் 14 டாலரோடு போயிற்று. இரண்டு டாலர் கொடுத்து வாங்கியவரைச் சமாதானப்படுத்த முடிந்தால்? அதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் லாபம். அதனால் பேரம் தொடங்குகிறது. முதலில் இரண்டு டாலர், மறுநாள் நான்கு, அப்புறம் ஆறு. ஒவ்வொன்றுக்கும் நடுவே "சீனாவுக்கு அனுப்புவது மிகவும் செலவு, பல வாரம் ஆகும், உங்களுக்காகத்தான் சொல்கிறோம்" என்ற கரிசனம்.

இந்தப் பேரத்தில் ஆறு டாலர் வாங்கிக்கொள்வது தவறென்று சொல்ல மாட்டேன். பொருளில் சிறு கீறல்தான், பயன்படுத்த முடியும் என்றால் அது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால் கோவைக்காரரின் வளையம் அவருக்கு எதற்கும் உதவாது. அவர் எழுத வேண்டியது ஒரே பதில்: "நீங்கள் அனுப்பியது வேறு பொருள். திருப்பித் தரத் தயாராக இருக்கிறேன். கட்டணம் செலுத்திய முகவரிச்சீட்டை அனுப்புங்கள்." இதைத் தளத்தின் செய்திப்பெட்டியில்தான் எழுத வேண்டும், வாட்ஸ்அப்பிலோ தனி மின்னஞ்சலிலோ அல்ல. பின்னால் வழக்கைப் பார்ப்பவருக்குத் தளத்துக்குள் இருப்பது மட்டுமே கண்ணில் படும். கூடவே மூன்று படங்கள் போதும்: விற்பனைப் பக்கத்தில் சோனி என்று எழுதியிருப்பது, வந்த வளையத்தின் மேல் கேனான் என்று பொறித்திருப்பது, பொட்டலத்தின் முகவரி ஒட்டிய பக்கம். முகவரிச்சீட்டும் வராமல் பணமும் வராமல் அவகாசம் முடிந்தால், நடுவரின் முடிவு பொருளைத் திருப்பாமலே முழுப் பணமும் கிடைக்கும்படி அமைய நல்ல வாய்ப்பு உண்டு.

கவனமாக இருக்க வேண்டிய ஒரு தந்திரம் உண்டு. "புதிய வளையம் அனுப்பிவிட்டோம், தயவுசெய்து புகாரை மூடிவிடுங்கள்" என்பார்கள். மூடிய புகாரை மீண்டும் திறக்க வழியிருக்காது. மாற்றுப் பொருள் வருகிற நேரத்தில் 30 நாளும் முடிந்திருக்கும். பணமோ பொருளோ கைக்கு வருகிற வரை புகார் திறந்தே இருக்கட்டும்.

ஒரே குறைக்கு எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதும் முக்கியம். பணம் பேபால் வழியாகப் போயிருந்தால் அங்கும் முறையிடலாம். 180 நாள் வரை அவகாசம் உண்டு என்பதால் அது வசதியாகத் தெரியும். ஆனால் பொருள் விவரணைக்கு மாறாக இருந்தாலும், வாங்கியவரே தன் செலவில் திருப்பி அனுப்பச் சொல்ல பேபாலின் விதியில் இடமிருக்கிறது. அங்கே போனால் அந்த ஆயிரத்து ஐநூறு மறுபடி கோவைக்காரரின் தலையில் விழலாம். அதனால் முதல் கதவு தளமாகவே இருக்கட்டும்.

தளமும் கைவிட்டால், அல்லது தளமே இல்லாத தனிக் கடையில் வாங்கியிருந்தால், கார்டு கொடுத்த வங்கி இருக்கிறது. சார்ஜ்பேக் என்று சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். பொருள் விவரணைக்கு மாறாக வந்தது என்பதற்கு விசாவில் தனி வகையே உண்டு, 13.3 என்பது அதன் எண். பொதுவாக 120 நாள் அவகாசம். வங்கி கேட்கும் முக்கியமான கேள்வி, பொருளைத் திருப்பித் தந்தீர்களா என்பதுதான். தந்திருக்க வேண்டும், அல்லது தர முயன்றிருக்க வேண்டும் என்கிறது விதி. அந்த "முயன்றிருக்க வேண்டும்" என்பதற்காகத்தான் மேலே சொன்ன ஒற்றைப் பதில். திருப்பித் தரத் தயார் என்று நாளோடு எழுதியிருப்பதும், விற்றவர் வழி காட்டாமல் பேரம் பேசியதும் சேர்ந்து முயற்சிக்குச் சான்றாகும். தளத்திலும் வங்கியிலும் ஒரே நேரத்தில் முறையிடக் கூடாது. வங்கிக்குப் போனதும் தளம் தன் பக்கத்து வழக்கை மூடிவிடும்.

நம் சட்டமும் இதைத் தொடுகிறது. இந்தியாவில் உள்ளவர்களுக்குத் தொடர்ந்து பொருள் விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும். வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் இந்தியாவில் அலுவலகமே இல்லாத சென்ஷென் கடைக்கு எதிராக ஆணை வாங்கினாலும் அதை நிறைவேற்ற ஆளில்லை. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

சில நேரம் விற்றவர் உண்மையிலேயே முகவரிச்சீட்டையோ பணத்தையோ அனுப்பிவிடுவார். அப்போது அனுப்பித்தான் ஆக வேண்டும். முகவரி வழக்குப் பக்கத்தில் இருப்பதாகவே இருக்க வேண்டும், செய்தியில் வேறு முகவரி கொடுத்தால் ஏற்க வேண்டாம். கண்காணிப்பு எண் போய்ச் சேரும் நாட்டிலும் வேலை செய்கிறதா என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டியதும் மௌனமாகிவிடும் எண், போய்ச் சேர்ந்ததற்குச் சான்றாகாது. சிஎன் 22 என்ற சுங்கப் படிவத்தில் அன்பளிப்பு, மாதிரி என்பவற்றோடு திரும்பும் சரக்கு என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதைக் குறிக்க வேண்டும். விற்பனைச் சரக்கு என்று குறித்தால் சீனச் சுங்கம் வரி கேட்கலாம், விற்றவர் அதைக் காரணம் காட்டிப் பொட்டலத்தை வாங்க மறுக்கலாம்.

பொருள் வந்தபோது நாம் கட்டிய சுங்க வரி? மறு ஏற்றுமதிக்கு அதில் 98 சதவீதம் வரை திருப்பித் தர 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 74ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்கான தாள் வேலை சிறு பொட்டலத்துக்குக் கட்டுப்படியாகாது. அந்தத் தொகையைத் தனியாகக் குறித்து விற்றவரிடமே கேட்டுப் பார்க்கலாம், கிடைப்பது அரிது.

வளையத்துக்குப் பதில் அது லித்தியம் பேட்டரியாக இருந்திருந்தால் கதை இன்னும் சுருக்கம். தனி லித்தியம் பேட்டரி வெளிநாட்டுத் தபாலில் ஏறாது, தீப்பிடிக்கும் ஆபத்து அதற்குக் காரணம். "திருப்பி அனுப்புங்கள்" என்று விற்றவர் சொன்னாலும் சட்டப்படி அனுப்ப வழியில்லை. அஞ்சலகத்தில் மறுத்ததை நாளோடு தளத்தின் செய்திப்பெட்டியில் எழுதி, எழுத்தில் ஏதும் தந்தால் படமெடுத்து வழக்கில் சேர்த்துவிடலாம். மனம் மாறி, வேண்டாம் என்று தோன்றிய பொருளுக்கு மட்டும் இவற்றில் எதுவும் உதவாது. அங்கே செலவு நம்முடையது, ஆயிரத்து ஐநூறு கொடுத்து ஆயிரத்து இருநூறை மீட்பதைவிட, அதே வளையம் தேவைப்படும் இன்னொரு கேமராக்காரரை ஊருக்குள் தேடி விற்றுவிடுவது மேல்.