பழைய கிளைக்குப் போன திருத்தம்

2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வெளியீட்டை நிறுத்தி வைத்தார்கள். அதிலிருந்த லினக்ஸ் கெர்னல் 6.1.64, ext4 கோப்பு முறைமையில் தரவைக் கெடுக்கிறது என்று தெரியவந்ததுதான் காரணம். மறுநாளே 12.4 வந்தது. தரவைக் கெடுத்தது ஒரு திருத்தம், அதுவும் புதிய கெர்னலில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த திருத்தம்!

புதிய பதிப்பில் செய்த திருத்தத்தைப் பழைய பதிப்பின் கிளைக்குக் கொண்டுபோவதை 'பேக்போர்ட்' என்கிறார்கள். லினக்ஸில் இது மின்னஞ்சல் வழியே நடக்கிறது. பல குழுக்களில் புல் ரிக்வெஸ்டாக வரும். கட்டளை எளிது:

```
git cherry-pick -x 91562895f803
```

`-x` கொடுத்தால் மூலத் திருத்தத்தின் எண் குறிப்பில் பதிவாகிவிடும். பின்னாளில் தேடுகிறவருக்கு அது பெரிய உதவி.

இந்தத் திருத்தம் ext4-இன் எழுதும் பகுதியில் ஒரு செயல்கூறை மாற்றியது. வேலை முடிந்ததும் அது முன்பு 0 என்று சொல்லும். இப்போது எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கையைச் சொன்னது. அந்தப் பதிலைக் கேட்டுக்கொள்வது iomap என்ற வேறொரு பகுதி. 6.1-இல் இருந்த iomap, பதில் 0 என்றால் மட்டுமே கோப்பில் அடுத்து எழுதவேண்டிய இடத்தை நகர்த்தும். புதிய பதில் வந்தபோது அது நகர்த்தவில்லை. ஒரு நிரல் 4096 பைட் எழுதி, தொடர்ந்து இன்னொரு 4096 எழுதினால், இரண்டாவது முதலாவதன் மேலேயே விழும். இரண்டு முறையும் 'வெற்றி' என்றே பதில் வரும். டைரக்ட் ஐஓ முறையில் எழுதும் நிரல்களுக்கு இப்படி நேர்ந்தது.

iomap-ஐ மாற்றிய முந்தைய திருத்தம் 6.5-இலேயே சேர்ந்துவிட்டது. 6.1-க்கு அது வரவில்லை. திருத்தம் முரண்பாடு இல்லாமல் ஒட்டிக்கொண்டது, கம்பைலும் ஆனது. முரண்பாடு வந்திருந்தால் யாராவது நின்று பார்த்திருப்பார்கள்.

ஆகவே, பேக்போர்ட்டை இணைக்கும் முன் திரையில் தெரியும் மாற்றத்தோடு நின்றுவிடக்கூடாது. மாறிய செயல்கூறை யார் அழைக்கிறார்கள், அதன் பதிலை யார் நம்புகிறார்கள் என்று பழைய கிளையிலேயே தேட வேண்டும். அந்தக் கோப்பு இடைப்பட்ட பதிப்புகளில் எப்படி மாறியது என்றும் பார்க்க வேண்டும்:

```
git log --oneline v6.1..v6.5 -- fs/iomap/direct-io.c
```

வரும் பட்டியலில் `936e114a245b` இருக்கும். விடுபட்டது அதுதான்.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. அந்தப் பிழை பழைய கிளையில் உண்மையிலேயே இருக்கிறதா? திருத்தத்துக்கு முன் தோற்று, பின் தேறும் சோதனையை அந்தக் கிளையிலேயே ஓட்டினால் தெரிந்துவிடும். இந்தத் திருத்தத்துக்கே பிறகு யாராவது திருத்தம் போட்டிருக்கிறார்களா? மூலக் கிளையில் `Fixes:` வரிகளில் அதன் எண்ணைத் தேடினால் போதும். இருந்தால் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

6.1.64 அல்லது 6.1.65 இன்னும் ஓடும் கணினி உங்களிடம் இருந்தால், இன்றே 6.1.66-க்கோ அதற்குப் பிந்தையதற்கோ மாற்றிவிடுங்கள்.