46 பீப்பாய்களும் ஒரு சான்றிதழும்: இருமல் மருந்துக்குள் விஷம் வந்த வழி

2007 மே 6 ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் மிக நீண்ட புலனாய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் வால்ட் போக்டானிச், ஜேக் ஹூக்கர் என்ற இரண்டு செய்தியாளர்கள். பனாமா நாட்டில் இருமல் மருந்து குடித்தவர்கள் ஏன் இறந்தார்கள், அந்த மருந்தில் கலந்த விஷம் எங்கிருந்து புறப்பட்டு யார் யார் கைமாறி வந்தது என்று தேடிப்போய் எழுதிய கட்டுரை அது. நச்சுக் கலந்த சீனப் பொருள்களைப் பற்றி இருவரும் எழுதிய தொடருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆங்கிலம் படிக்காத பெற்றோருக்கும் அதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. அதே விஷம் 2025-இல் தமிழ்நாட்டில் தயாரான ஒரு சிரப்பிலும் இருந்தது. அந்தக் கட்டுரையின் சாரத்தை முதலில் பார்ப்போம்.

2006 செப்டம்பரில் பனாமா நகரின் பெரிய அரசு மருத்துவமனைக்கு ஒரே மாதிரியான நோயாளிகள் அடுத்தடுத்து வந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். முதலில் சிறுநீர் நின்றுபோனது. பிறகு கை கால் செயலிழந்தது, மூச்சு விடுவதே சிரமமானது. வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. அங்கே தொற்றுநோய் மருத்துவராக இருந்த நெஸ்டர் சோசா, நரம்பைத் தாக்கும் ஏதோ ஒரு நோய் என்றுதான் முதலில் நினைத்தார். புதிய கிருமியாக இருக்குமோ என்ற பயமும் பரவியது. நோயாளிகளில் பலர் ரத்த அழுத்தத்துக்காக அரசு கொடுத்த ஒரே மாத்திரையைச் சாப்பிட்டு வந்தது தெரிந்ததும் சந்தேகம் அதன் மேல் திரும்பியது. மாத்திரையைச் சோதித்தார்கள். அதில் எந்தக் கோளாறும் இல்லை.

விடை வேறு இடத்தில் இருந்தது. அந்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். இருமலுக்கு அரசு மருந்தகத்திலேயே சர்க்கரை சேர்க்காத சிரப் ஒன்று கிடைத்தது. நோயாளி ஒருவர் தான் அந்த சிரப்பைக் குடித்துவந்ததாகச் சொன்ன பிறகுதான் மருத்துவர்களின் பார்வை அதன் பக்கம் போனது. சிரப் அமெரிக்காவுக்குச் சோதனைக்குப் போனது. அக்டோபர் 11 அன்று முடிவு வந்தது. சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது.

இது ஒரு தொழிற்சாலை ரசாயனம். வண்டிகளின் கூலன்ட், பிரேக் ஆயில் போன்றவற்றில் சேர்ப்பது. மருந்தில் சேர்க்க வேண்டிய கிளிசரினைப் போலவே இதுவும் நிறமில்லாத, கொழகொழப்பான, இனிக்கிற திரவம். விலையோ கிளிசரினைவிடக் குறைவு. கண்ணாலும் நாக்காலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதுதான் ஏமாற்றுகிறவனுக்கு வசதி. உடலுக்குள் போனதும் இது சிதைந்து வேறொரு அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தின் செல்களை அழிக்கிறது. அதனால்தான் முதலில் சிறுநீர் குறைகிறது, பிறகு நிற்கிறது.

பனாமாவில் அந்த சிரப்பைத் தயாரித்தது அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சொந்த ஆய்வுக்கூடம். வாங்கிய பீப்பாய்களில் கிளிசரின் என்று எழுதியிருந்ததை நம்பி, அதைச் சேர்த்து ஏறக்குறைய 2,60,000 பாட்டில்களை நிரப்பினார்கள். கட்டுரை வெளிவந்த நேரத்தில் 365 மரணங்களைக் குடும்பங்கள் புகாராகக் கொடுத்திருந்தன. அவற்றில் 100 மரணங்கள் இந்த விஷத்தால்தான் என்று அதுவரை உறுதியாகியிருந்தது.

செய்தியாளர்கள் இருவரும் அந்த 46 பீப்பாய்கள் வந்த வழியைப் பின்னோக்கித் தேடினார்கள். பனாமா அரசுக்கு அவற்றை விற்றது மெடிகாம் என்ற உள்ளூர் வணிக நிறுவனம். அதற்கு விற்றது ஸ்பெயினின் பார்சிலோனாவில் இருந்த ராஸ்ஃபர். ராஸ்ஃபருக்கு விற்றது பெய்ஜிங்கின் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று. அந்த நிறுவனம் வாங்கியது, யாங்சி ஆற்றுப் பகுதியில் இருந்த டைசிங் கிளிசரின் தொழிற்சாலையில். மருந்துக்கான மூலப்பொருள் தயாரிக்க அந்தத் தொழிற்சாலைக்கு அனுமதியே கிடையாது.

சரக்கோடு ஒரு தரச் சான்றிதழும் பயணம் செய்தது. உள்ளே இருப்பது 99.5 சதவீதம் சுத்தமான கிளிசரின் என்றது அந்தக் காகிதம். சரக்கு கைமாறியபோது அதைத் தயாரித்தவர் பெயரும் முன்பு விற்றவர் பெயரும் சான்றிதழிலிருந்து எடுக்கப்பட்டன. வாடிக்கையாளர் நேரடியாகத் தொழிற்சாலைக்கே போய் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வியாபாரிகள் இப்படிச் செய்வது வழக்கம். அதனால் கடைசியாக வாங்கியவருக்குச் சரக்கு எந்தத் தொழிற்சாலையில் உருவானது என்பதே தெரியாமல் போனது. மூன்று கண்டங்களில் மூன்று வணிக நிறுவனங்கள் கைமாற்றிய சரக்கு அது. அவற்றில் ஒன்றுகூட ஒரு பீப்பாயைத் திறந்து, உள்ளே இருப்பது கிளிசரின்தானா என்று சோதிக்கவில்லை. மருந்து தயாரித்த அரசு ஆய்வுக்கூடமும் சோதிக்கவில்லை.

இதே ஏமாற்று வேலை அதற்கு முன்பும் நடந்திருந்தது என்பதையும் கட்டுரை எடுத்துச் சொன்னது. ஹைட்டி நாட்டில் 1996 வாக்கில் காய்ச்சல் சிரப் குடித்துக் குறைந்தது 88 குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் கிளிசரினும் சீனாவிலிருந்து வந்ததுதான். அமெரிக்க அதிகாரிகள் விசாரிக்கப் போனபோது, தயாரித்தவர் யார் என்று சொல்ல இடைத்தரகர்கள் முன்வரவில்லை. 2006-இல் சீனாவிலேயே ஊசி மருந்தில் இந்த ரசாயனம் கலந்து பலர் இறந்தார்கள். அந்தச் சரக்கை விற்றவர் முன்பு தையல்காரராக இருந்தவர். போலி உரிமத்தையும் போலி ஆய்வறிக்கையையும் காட்டியே ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கு அவரால் விற்க முடிந்தது.

அந்தக் கட்டுரை வெளிவந்து 18 ஆண்டுகள் ஆன பிறகு, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் இறக்கத் தொடங்கினார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் சாதாரணச் சளி, காய்ச்சலோடு மருத்துவரிடம் போன குழந்தைகள் அவர்கள். சில நாளில் சிறுநீர் நின்றுபோனது. நாக்பூர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். பனாமாவைப் போலவே இங்கும் முதல் சந்தேகம் தொற்று நோயின் மேல்தான் விழுந்தது. பிறகுதான் குழந்தைகள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற சிரப் கவனத்துக்கு வந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் நிறுவனம் தயாரித்த மருந்து அது.

மத்தியப் பிரதேச அரசு தகவல் அனுப்பியதும் அக்டோபர் முதல் நாளே தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை அந்தத் தொழிற்சாலைக்குப் போய் மாதிரி எடுத்தது. எஸ்.ஆர்-13 என்ற தொகுதியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம் மட்டுமே. ஐந்து மில்லி கொள்ளும் ஒரு தேக்கரண்டி சிரப்பில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாத பொருள், 2,400 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. ஒரு வேளை மருந்திலேயே அத்தனை விஷம் என்றால், இரண்டு மூன்று நாள் குடித்த குழந்தையின் சிறுநீரகம் எப்படித் தாங்கும்? இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தொழிற்சாலையை ஆய்வு செய்த அதிகாரிகள் 350-க்கும் அதிகமான விதிமீறல்களைப் பட்டியலிட்டார்கள். நிறுவனத்தின் உரிமையாளர் சென்னையில் கைது செய்யப்பட்டார், உரிமம் ரத்தானது. உலக சுகாதார நிறுவனம் அக்டோபர் 13 அன்று இந்த மருந்தைக் குறித்து எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது.

பனாமாவிலும் சிந்த்வாராவிலும் தவறியது ஒரே இடத்தில்தான். மூலப்பொருள் உள்ளே வரும்போது பீப்பாய்க்குப் பீப்பாய் சோதிக்க வேண்டும். தயாரான சிரப்பை வெளியே அனுப்பும் முன்பு மறுபடி சோதிக்க வேண்டும். இதற்கான சோதனை முறைகள் மருந்துத் துறையில் பல காலமாக இருப்பவைதான். அதைச் செய்ய வேண்டியது தயாரிப்பாளர். செய்தாரா என்று பார்க்க வேண்டியது அரசு. வீட்டில் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தோ, முகர்ந்தோ, ருசித்தோ எந்தத் தாயும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கவில்லையே என்று எந்தப் பெற்றோரும் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

ஆனால் பெற்றோர் கையில் இருப்பவையும் சில உண்டு. முதலாவது, சிரப்பே தேவையா என்று கேட்பது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதித் தரக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குழந்தைகளுக்கு வருகிற சளி இருமல் பெரும்பாலும் மருந்தில்லாமலேயே சில நாளில் அடங்கிவிடும். ஓய்வும் போதிய நீராகாரமும் போதும். அதற்காகக் காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்தையெல்லாம் பயந்து நிறுத்திவிடக் கூடாது. கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதையும், போன முறை மீந்ததை எடுத்துக் கொடுப்பதையும்தான் விட வேண்டும்.

இரண்டாவது, சிறுநீரைக் கவனிப்பது. சிரப் குடித்துவரும் குழந்தை வாந்தி எடுத்தால், வயிற்றுவலி என்றால், வழக்கத்தைவிடச் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று யோசித்துப் பாருங்கள். ஆறு, எட்டு மணி நேரமாகப் போகவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் சிரப்பை நிறுத்திவிட்டு, டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த விஷத்துக்கு முறிவு மருந்தும் டயாலிசிஸும் உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு பலன் கிடைக்கும்.

மூன்றாவது, பாட்டில். பனாமாவில் மருத்துவர்களுக்கு விடை கிடைத்தது, நோயாளி தான் குடித்த சிரப்பைப் பற்றிச் சொன்னதால். சிந்த்வாராவில் தொழிற்சாலை வரை போக முடிந்தது, தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் கையில் இருந்ததால். மருந்து வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். அதில் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை முழுமையாகக் குணமாகும் வரை பாட்டிலையும் அட்டையையும் குப்பையில் போடாதீர்கள். மருத்துவமனைக்குப் போனால் கொடுத்த மருந்துகள் அத்தனையையும், நாட்டு மருந்து உட்பட, எடுத்துக்கொண்டு போய் மருத்துவர் முன் வையுங்கள்.