‘யார் சொல்லி வந்தீங்க?’

பின்லாந்து நாட்டின் ஃபிஸ்கார்ஸ் நிறுவனம் 1649இல் தொடங்கியது. ஆரஞ்சு நிறக் கைப்பிடி போட்ட அதன் கத்தரிக்கோலை உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் கத்தரிக்கோலைப் பற்றி யார் உட்கார்ந்து பேசுவார்கள்? தேவைப்படும்போது தேடுவார்கள், வெட்டியதும் எங்கோ போட்டுவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஒரு கூட்டம் மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. குடும்பப் புகைப்படங்களை வெட்டி, ஒட்டி, அலங்கரித்து ஆல்பம் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பெண்கள் அவர்கள். 2006இல் ஃபிஸ்கார்ஸ் அவர்களிடம் போனது. நட்சத்திரம் யாரையும் தேடவில்லை. அந்தப் பொழுதுபோக்கில் ஊறிய சாதாரணப் பெண்கள் நால்வரைத் தேர்ந்தெடுத்து, பகுதிநேரச் சம்பளம் கொடுத்து, கூட்டத்தை வழிநடத்தச் சொன்னது. ‘ஃபிஸ்கடீர்ஸ்’ என்று பெயர். சேர விரும்புகிறவர் அந்த நால்வரில் ஒருவரோடு பேசித்தான் உள்ளே வர முடியும். வந்தவருக்குக் கிடைத்தது பணமல்ல, கடையில் விற்காத ஒரு கத்தரிக்கோல். அதில் அவருக்கு மட்டுமே உரிய எண் பொறிக்கப்பட்டிருக்கும். பிற்பாடு உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போனது.

அந்தக் கத்தரிக்கோலைச் செய்ய நிறுவனத்துக்கு ஆன செலவு சொற்பம்தான். வாங்கியவருக்கோ அது வெளியே எங்கும் கிடைக்காத பொருள். வாடிக்கையாளரையே தூதராக்கும் திட்டங்களில் பரிசைத் தேர்ந்தெடுக்கும் சூட்சுமம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது: கொடுப்பவருக்கு விலை குறைவு, பெறுபவருக்கு மதிப்பு அதிகம். ரொக்கத்தில் இது நடக்காது. நூறு ரூபாய் இருவருக்கும் நூறு ரூபாய்தான்.

கணக்குப் பார்க்காமல் பரிசு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெஸ்லா உதாரணம். தெரிந்தவர்களைக் கார் வாங்க வைத்த உரிமையாளர்களுக்கு அந்த நிறுவனம் வெகுமதி கொடுத்துவந்தது. ஒரு கட்டத்தில் ஐம்பது பேரைத் தாண்டிப் பரிந்துரைத்தவருக்கு, 2 லட்சம் டாலருக்கு மேல் விலை சொல்லப்பட்ட ரோட்ஸ்டர் கார் இலவசம் என்றானது. சாதாரண உரிமையாளர் பக்கத்து வீட்டுக்காரரையும் மைத்துனரையும் அழைத்து வருவார், அதோடு சரி. ஐம்பதைத் தொட்டவர்களில் யூடியூபில் பெரிய கூட்டம் வைத்திருந்தவர்கள் முக்கியமானவர்கள். அந்த ரோட்ஸ்டரோ அப்போது தயாரிப்புக்கே வரவில்லை. 2019 ஜனவரியில், இந்தத் திட்டம் காரின் விலையில் அதிகச் சுமை ஏற்றுகிறது என்று சொல்லி, பிப்ரவரி 1ஆம் தேதியோடு நிறுத்துவதாக ஈலான் மஸ்க் அறிவித்தார். அடுத்த மாதமே திட்டம் உருமாறித் திரும்பியது. இந்த முறை அடிப்படைப் பரிசு, பரிந்துரைத்தவர், வாங்கியவர் இருவருக்கும் தலா ஆயிரம் மைல் ஓடும் அளவுக்கு இலவச சார்ஜ்.

இந்த இரண்டு பாடங்களையும் நம் ஊர்க் கடை ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். கற்பனைக் கடைதான், கணக்கு மட்டும் நிஜம். ஃபில்டர் காபித்தூள் அரைத்து விற்கும் கடை. அரைக் கிலோ 350 ரூபாய், அதில் கடைக்காரருக்கு நிற்பது கால் பங்கு, அதாவது சுமார் 87 ரூபாய்.

முதல் வேலை பரிசை அறிவிப்பதல்ல. இரண்டு மாதம் கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, புதிதாக வருகிறவரிடமெல்லாம் “யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்டு எழுதவேண்டும். “எதிர் வீட்டு அக்கா சொன்னாங்க” என்பது போன்ற பதில்களில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். தூதர்கள் அவர்கள்தான். அதிகம் வாங்குகிறவரே நல்ல தூதர் என்று நினைப்பது வழக்கமான தவறு. மெஸ் நடத்துகிறவர் மாதம் பத்துக் கிலோ வாங்கலாம், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். இந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பரிசே இல்லாமல் மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்பது அதில் இருக்கும். பரிசு கொடுத்த பிறகும் அதே எண்ணிக்கைதான் என்றால், சும்மா வந்துகொண்டிருந்தவர்களுக்குத்தான் செலவு செய்கிறோம் என்று அர்த்தம்.

பரிசு, அதே காபித்தூள். தூதருக்கு 100 கிராம். விற்பனை விலை 70 ரூபாய், கடைக்கு அடக்கம் 52 சொச்சம். புதியவருக்கு முதல் பையோடு 50 கிராம், அடக்கம் 26. ஆக ஒரு புது வாடிக்கையாளருக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 79 ரூபாய். இரண்டையும் முதல் கொள்முதலிலேயே கொடுத்துவிட்டால் கடைக்கு மிஞ்சுவது எட்டு ரூபாய். அந்த ஆள் திரும்பி வரவில்லையென்றால் அதோடு கதை முடிந்தது. தூதரின் பங்கை, புதியவர் இரண்டாவது அரைக் கிலோ வாங்கும்போது கொடுத்தால், இரு விற்பனையின் லாபம் 175இல் செலவு போக 96 ரூபாய் நிற்கும். புதியவருக்கும் ஏதாவது கிடைப்பது முக்கியம். இல்லையென்றால் “என்னைக் காட்டிப் பொடி வாங்கிக்கிட்டியா?” என்ற கேள்வி அந்த அக்காவுக்கு வரும், அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார்.

விதிகள் ஒரு அட்டையில் அடங்கவேண்டும். அரைக் கிலோவுக்குக் குறைந்த கொள்முதல் கணக்கில் வராது. ஒரே வீடு, ஒரே போன் எண் செல்லாது. ஆண்டுக்கு ஆறு பேர்வரைதான் பரிசு. டெஸ்லா தவறவிட்ட வரம்பு இது. ‘நிர்வாகத்தின் முடிவே இறுதியானது’ என்று மட்டும் எழுதி வைப்பது விதியாகாது. எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதைத் தூதர் தன் வாயால் இன்னொருவருக்குச் சொல்ல முடியவேண்டும்.

ஓர் எல்லையைத் தாண்டினால் சட்டம் குறுக்கே நிற்கும். தூதர் அழைத்து வந்தவர் இன்னொருவரை அழைத்து வந்தால் முதலாமவருக்கும் பங்கு என்று அடுக்கடுக்காகக் கொண்டுபோனால், அது சங்கிலித் திட்டத்தின் வாசல். பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடி விற்பனைக்கான 2021ஆம் ஆண்டு விதிகளும் பிரமிடு திட்டங்களுக்கு இடம் தரவில்லை. பரிசு ஒரு படியோடு நிற்கட்டும்.

இன்னொன்று, ஒளிவுமறைவு. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பொருளைப் பரிந்துரைக்கிறவருக்கும் விற்பவருக்கும் வாங்குபவர் எதிர்பார்க்காத தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தெருமுனைக் கடை அந்த அளவுக்குப் போய் மாட்டப்போவதில்லை என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் காபியைப் புகழும்போது “ஆள் சேர்த்தால் எனக்கும் நூறு கிராம் தருவாங்க” என்று சேர்த்துச் சொல்வதில் தூதருக்கு என்ன நஷ்டம்? கேட்கிறவருக்கும் 50 கிராம் உண்டென்று அதே மூச்சில் சொல்லிவிடலாம். கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் பரிசு என்பதை மட்டும் அட்டையில் எழுதக்கூடாது. பரிசு கொடுத்து மதிப்புரை வாங்குவதை கூகுள் அனுமதிப்பதில்லை.

ஏமாற்று நடந்தால் நோட்டே காட்டிக்கொடுக்கும். ஒரே வாரத்தில் ஒரே தூதரின் பெயரில் ஐந்தாறு பேர் வருவார்கள், எல்லோரும் அரைக் கிலோவோடு நிற்பார்கள், இரண்டாவது முறை யாரும் வரமாட்டார்கள். இன்னொரு அறிகுறி இதைவிட நயமானது: பரிசுப் பொட்டலங்கள் மாதாமாதம் கூடும், ஆனால் அரைத்து விற்ற மொத்தத் தூளின் எடை அப்படியே இருக்கும். பழைய வாடிக்கையாளரே வீட்டில் வேறொருவர் பெயரில் வாங்குகிறார் என்று அப்போது புரிந்துகொள்ளலாம். சண்டை தேவையில்லை. முதல் ஓட்டத்தை மூன்று மாதம் என்று அட்டையிலேயே தேதி போட்டு வைத்திருந்தால், அந்தத் தேதியில் நிறுத்தி, வாக்களித்த பொட்டலங்களைப் பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டு, விதியைத் திருத்தி மறுபடி தொடங்கலாம்.