நியூட்டன் ஏன் மலையேறுகிறார்?

ஒரு சார்பின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடும்போது, நியூட்டன் முறை சரிவோடு வளைவையும் பார்க்கிறது. சரிவை, இரண்டாம் வகைக்கெழுக்களின் அணியால் வகுத்தால் அடுத்த அடி கிடைக்கும். கிண்ணம் போன்ற இடத்தில் இதன் வேகத்துக்கு ஈடில்லை. வளைவு கவிழ்ந்திருந்தால்தான் வினை.

f = x⁴/4 − x²/2 + y² என்ற சார்பின் தாழ்விடங்கள் x = ±1, y = 0. நாம் (0.1, 1) இல் நிற்கிறோம். அங்கே x திசையில் சரிவு −0.099, வளைவு −0.97. வகுத்து வரும் அடி நம்மை x = −0.002 க்கு அனுப்புகிறது. அது பள்ளமல்ல, x திசையில் மேட்டின் உச்சி! கணினி குறை சொல்லாமல் அங்கேயே ஒதுங்கிவிடும்.

பெரிய கணக்குகளில் இதைக் கண்டுபிடிக்க, அணியைச் சோலெஸ்கி முறையில் பிரித்துப் பார்ப்பார்கள். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கும் நிலை வந்தால் அணி பழுது. உடனே மூலைவிட்டத்தில் τ என்ற எண்ணைக் கூட்டி மறுபடி முயல்வார்கள்.

இங்கே τ = 1 போதும்; வளைவு 0.03 ஆகிவிடும். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணால் வகுத்தால் அடி 3.3 ஆக நீளும். சார்பின் மதிப்பு 0.995 இலிருந்து 27.7 க்குத் தாவும். ஆகவே திசையை மட்டும் வைத்துக்கொண்டு அடியைப் பாதியாக்க வேண்டும்; இருமுறை பாதியாக்கினால் x = 0.925, மதிப்பு 0.450. τ ஐ மிகப் பெரிதாக்குவதும் தவறு: அடி சுருங்கி, வளைவு அறியாத சாதாரணச் சரிவிறக்கமாகிவிடும்.

சரிவு முற்றிலும் பூஜ்யமான x = 0, y = 0 இல் தொடங்கினால் இந்தப் பழுதுபார்ப்பும் உதவாது; குறை வளைவின் திசையில் தனியாகத் தள்ளிவிட வேண்டும்.