இருட்டறை முளைக்கு மேல் எது, கீழ் எது?

அம்மன் திருவிழாவுக்குப் பாரி போடுகிற வீட்டில் ஓர் அறையை இருட்டாக்கி வைப்பார்கள். மண்சட்டியில் வைக்கோலும் எருவும் போட்டு, ஊறவைத்த பயறுகளைத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்து வருவார்கள். திருவிழா நாளில் சட்டியைத் தூக்கி வெளியே வந்தால், முளைகள் வெளிர்மஞ்சளாக, நெடுநெடுவென்று நேராக நிற்கும். சூரியனைப் பார்த்தே செடி மேலே வளர்கிறது என்று சொல்பவர்களுக்கு முளைப்பாரி ஒரு கேள்வி வைக்கிறது. வெளிச்சமே இல்லாத அறையில் மேல் எது, கீழ் எது என்று அந்த முளைக்கு எப்படித் தெரிந்தது? விதைகளை யாரும் நிமிர்த்தி வைத்து நடவில்லை. தலைகீழாக விழுந்தவையும் உண்டு, ஒருக்களித்து விழுந்தவையும் உண்டு.

புவியீர்ப்பே வழிகாட்டி என்பதை 1806-ல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர் காட்டினார். தோட்டத்தில் ஓடிய நீரோடையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் விளிம்பில் முளைவிடும் அவரை விதைகளைக் கட்டினார். சக்கரம் நிமிடத்துக்கு 150 முறைக்கு மேல் செங்குத்தாகச் சுற்றியது. விதை ஓயாமல் புரண்டுகொண்டே இருந்ததால் பூமி அதை எந்தப் பக்கமும் நிலையாக இழுக்க முடியவில்லை. அதற்குப் பதிலாகச் சுழற்சி அதை வெளிநோக்கித் தள்ளியது. சில நாளில் எல்லா வேர்களும் சக்கரத்துக்கு வெளியே நீண்டன. எல்லாத் தண்டுகளும் சக்கரத்தின் மையத்தை நோக்கி வளர்ந்தன. விசை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதுவே வேருக்குக் ‘கீழ்’ என்பது இதில் தெளிவானது.

செடி அந்த இழுப்பை எந்த இடத்தில் உணர்கிறது? வேரின் நுனியில் தொப்பி போல ஒரு மூடி உண்டு. மண்ணைத் துளைத்துப் போகும்போது நுனியைக் காப்பது அதன் ஒரு வேலை. அதன் நடுவிலுள்ள செல்களுக்குள் மாவுச்சத்து நிறைந்த சிறு மணிகள் இருக்கின்றன. செல்லில் உள்ள மற்ற பொருள்களைவிட அவை கனமானவை என்பதால் அடியில் படிந்து கிடக்கும். வேரைக் கிடைமட்டமாகத் திருப்பினால், போத்தலைச் சாய்த்ததும் உள்ளே கிடக்கும் மணல் சரிவதுபோல, சில நிமிடங்களில் மணிகள் சரிந்து புதிய அடிப்பக்கத்தில் வந்து சேரும். எது கீழ் என்பதற்கு வேர் வைத்திருக்கும் தூக்குக்குண்டு இதுதான். 1900-லேயே ஹேபர்லாண்ட், நெமெக் என்ற இரு தாவரவியலாளர்கள் தனித்தனியே இந்தக் கருத்தைச் சொன்னார்கள். மாவுச்சத்தே உண்டாக்க முடியாத செடிகளைப் பிற்காலத்தில் சோதித்தபோது, அவற்றின் வேர்கள் திரும்பத் தடுமாறின. ஆனாலும் மெதுவாகவேனும் திரும்பின. மாவில்லாத மணிகளுக்கும் கொஞ்சம் கனம் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இழுப்பை உணரும் இடம் வேர்மூடி. வளையும் இடமோ அதற்குச் சற்று மேலே, செல்கள் நீளும் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து இங்கே செய்தி எப்படிப் போகிறது?

அதற்கு விடை கிடைத்தது வேரில் அல்ல, வெளிச்சத்தை நோக்கி வளையும் புல் முளையில். 1880-ல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் கேனரிப் புல்லின் முளைகளை ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். முளையின் நுனிக்கு ஒளி புகாத சிறு குல்லாய் மாட்டினால் அது வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் கரிய மணலால் மூடினால், மூடிய அந்தப் பகுதியே ஒளியின் பக்கம் வளைந்தது. நுனி பார்க்கிறது, அடி வளைகிறது. இடையில் ஏதோ ஒன்று இறங்கி வருகிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

இறங்கி வருவது ஒரு ரசாயனம் என்று பிடித்துக் காட்டியவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருந்த இளைஞர் பிரிட்ஸ் வென்ட். 1920-களில் அவர் ஓட்ஸ் முளைகளின் நுனியை வெட்டி, கடற்பாசிக் கூழின் சிறு துண்டின்மேல் வைத்தார். நுனியிலிருந்த பொருள் கூழில் ஊறி இறங்கியது. பிறகு இருட்டில், நுனியில்லாத முளையின் ஒரு ஓரத்தில் மட்டும் அந்தக் கூழ்த்துண்டை வைத்தார். அந்த ஓரம் வேகமாக நீண்டது. முளை எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. வெளிச்சமே இல்லாமல் வெளிச்சம் செய்கிற வேலையை ஒரு துண்டுக் கூழ் செய்துவிட்டது. அதில் ஊறியிருந்த பொருளுக்குத்தான் ஆக்சின் என்று பெயர்.

முளையின் ஒரு பக்கம் ஒளி பட்டால், நுனியிலுள்ள போட்டோட்ரோபின் என்ற புரதம் அதில் இருக்கும் நீல நிறத்தை உணர்கிறது. உடனே ஆக்சின் நிழல் பக்கத்துக்கு ஒதுங்குகிறது. நிழல் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள, முளை ஒளியின் பக்கம் சாய்கிறது. நீல ஒளி இல்லாமல் சிவப்பு விளக்கை மட்டும் பக்கத்தில் வைத்தால் பொதுவாக முளை வளையாது.

வேரிலும் தூது செல்வது இதே ஆக்சின்தான். படுத்த வேரில் மணிகள் அடியில் படிந்ததும், ஆக்சினைச் செல்லிலிருந்து வெளியேற்றும் வாயில் புரதங்கள் அந்தப் பக்கமாக இடம் மாறுகின்றன. கீழ்ப்பக்கத்தில் ஆக்சின் கூடுகிறது. தண்டைப் படுக்க வைத்தாலும் கீழ்ப்பக்கத்தில்தான் கூடும். தண்டின் உள்ளே, நீர் ஏறும் குழாய்களைச் சூழ்ந்த உறையில் அதற்கும் மாவுமணிகள் உண்டு. வேறுபாடு, செய்தியைப் பெறும் செல்லில் இருக்கிறது. தண்டின் செல் ஆக்சின் கூடினால் வேகமாக நீளும். ஆகவே கீழ்ப்பக்கம் நீண்டு, தண்டு மேலே நிமிரும். வேரின் செல்லுக்கு மிகச் சிறிய அளவே போதும், கூடினால் வளர்ச்சி தடைப்படும். ஆகவே கீழ்ப்பக்கம் பின்தங்க, மேல்பக்கம் முந்த, வேர் கீழே வளையும். காற்றில் சாய்ந்த இளம் நெற்பயிர் கணுக்களில் வளைந்து மறுபடி எழுவதும் இந்தக் கணக்குப்படிதான். கணுக்கள் முற்றிய பிறகு சாய்ந்தால் செல்கள் நீள வழியில்லை. பயிர் படுத்தே கிடக்கும்.

மணி சரிந்ததைச் செல் எப்படி அறிகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. பக்கக் கிளைப்புகள் நிமிராமல் பரந்து கிடக்கும் ஒருவகை நெல்லுக்கு ஆய்வாளர்கள் ‘லேசி’, அதாவது சோம்பேறி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் பழுதான மரபணு தரும் புரதத்துக்கும் அதே பெயர்தான். அந்தக் குடும்பப் புரதங்கள் மாவுமணிகளின்மேல் ஒட்டியிருப்பதும், மணி எந்தப் பக்கம் படிகிறதோ அந்தப் பக்கத்துச் செல்சவ்வுக்கு மாறுவதும் 2023-ல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. ஆக்சின் அந்தப் பக்கம் திரும்புவதற்கு அதுவே முதல் சைகை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் ஈரமான காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே முளைகட்டிய பச்சைப்பயறு சிலவற்றைச் செருகுங்கள். வேர் ஓர் அங்குலம் நேராக இறங்கியதும், சிலவற்றின் நுனியில் ஒரு மில்லிமீட்டரைப் பிளேடால் நறுக்கிவிட்டு, தம்ளரைப் படுக்கவைத்து, ஒளி படாமல் பெட்டிக்குள் மூடிவையுங்கள். காகிதம் மட்டும் காயக் கூடாது. மறுநாள் திறந்தால், நுனியுள்ள வேர்கள் கீழே வளைந்திருக்கும். நறுக்கியவை பெரும்பாலும் படுத்த வாக்கிலேயே கிடக்கும். நுனி மறுபடி உருவான வேர் எதுவோ, அது மட்டும் சில நாளில் கீழே திரும்பும்.