ஆயில் இன்ஜினை நிறுத்தினால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். ஆனால் இணைப்பு கிடைத்தவருக்குத்தான் அந்த இலவசம். மனுப் போட்டுவிட்டு வரிசையில் காத்திருப்பவர் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போகிறார். சோலார் பம்பு வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி உண்மையில் இவருக்குத்தான். பக்கத்து வயல்காரர் ஏற்கெனவே காசில்லாமல் மோட்டார் ஓட்டுவதால், அவருக்கு மிச்சப்படுத்த ஒன்றுமில்லை.

விற்க வருபவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். வருடத்தில் 300 நாள் வெயில், நாளுக்கு ஆறு மணி நேரம், மணிக்கு ஒரு லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய். ஆக வருடத்துக்கு ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் மிச்சம். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் எந்த விவசாயியும் இன்ஜினை வருடத்துக்கு 1,800 மணி நேரம் ஓட்டுவதில்லை. எரிக்காத டீசலை மிச்சப்படுத்தவும் முடியாது. அதனால் வெயிலை விட்டுவிட்டு, போன வருடம் நம் இன்ஜின் குடித்த லிட்டரிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

புதுக்கோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர், திறந்த கிணறு, 5 ஹெச்.பி. டீசல் இன்ஜின் என்று ஒரு மாதிரிப் பண்ணையை வைத்துக்கொள்வோம். கடலைக்கும் உளுந்துக்கும் கொஞ்சம் காய்கறிக்குமாக வருடத்தில் 600 மணி நேரம் இன்ஜின் ஓடுகிறது. 600 லிட்டர் டீசல். இதோடு ஆயில் மாற்றுவது, நாசில், பிஸ்டன் ரிங், பெல்ட், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்ந்து வருடத்துக்குச் சராசரியாக 8,000 ரூபாய். ஒரு வருடம் இரண்டாயிரத்தோடு போகும், இன்னொரு வருடம் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க நேர்ந்து இருபதாயிரத்தைத் தொடும். ஆகவே மூன்று நான்கு வருடச் செலவைக் கூட்டிச் சராசரி எடுப்பதுதான் நியாயம்.

அடுத்து, இன்ஜின் கொடுக்கும் தண்ணீரை சோலார் கொடுக்குமா என்று பார்க்க வேண்டும். இதற்கு மணிக்கணக்கு உதவாது. தண்ணீரைத்தான் அளக்க வேண்டும். 200 லிட்டர் பீப்பாயை டெலிவரி பைப்புக்கு அடியில் வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 29 நொடி என்றால் மணிக்குச் சுமார் 25,000 லிட்டர். 20 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கும்போது, 4,800 வாட் பேனல் போட்ட 5 ஹெச்.பி. சோலார் பம்பு நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர் தரும். அதாவது இன்ஜின் ஆறு மணி நேரத்தில் தருகிற தண்ணீர். காலையிலும் மாலையிலும் மெல்ல வரும், உச்சி நேரத்தில் வேகமெடுக்கும். மூடாக்கான நாளில் பாதிகூடத் தேறாது. அப்படிப்பட்ட நாட்களுக்காக இன்ஜினை விற்காமல் வைத்துக்கொண்டு, 100 லிட்டர் டீசலை இன்னும் எரிப்பதாகக் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஆக மிச்சம் 500 லிட்டர், 46,000 ரூபாய். ரிப்பேரில் 6,000 குறைகிறது. பேனல் கழுவுவது, ஒயர் மாற்றுவது போன்றவற்றுக்கு 2,000 போகிறது. வருடத்துக்கு நிகரமாக 50,000 ரூபாய்.

இதைப் பதினைந்து வருடத்தால் பெருக்கி ஏழரை லட்சம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பம்புக்கான பணம் இன்றே கையை விட்டுப் போகிறது; மிச்சமோ வருடாவருடம் சிறுகச் சிறுக வருகிறது. இன்றைய பணத்தை வேறெங்காவது போட்டால் 10 விழுக்காடு கிடைக்கும் என்றால், அடுத்த வருடம் வரும் 50,000 இன்றைக்கு 45,455 ரூபாய்க்குத்தான் சமம். பதினைந்தாவது வருடம் வரும் 50,000 இன்றைக்கு வெறும் 11,970. இப்படி ஒவ்வொரு வருடத்து மிச்சத்தையும் இன்றைய விலைக்குக் குறைத்து, எல்லாவற்றையும் கூட்டி, போட்ட முதலைக் கழித்தால் வருவதுதான் நிகர நிகழ்கால மதிப்பு. அது பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் வாங்கலாம்.

நம் பண்ணைக்குப் பதினைந்து வருட மிச்சத்தின் இன்றைய மதிப்பு 3,80,000 ரூபாய். எட்டாவது வருட வாக்கில் கன்ட்ரோலரோ மோட்டாரோ போகும். அதற்கு 40,000 ஒதுக்கினால் இன்றைய மதிப்பில் சுமார் 18,700 கழியும். மீதி 3,61,000 சொச்சம். பம்பின் முழு விலை மூன்று லட்சம் என்று வைப்போம். 2019-இல் வந்த பிஎம்-குசும் திட்டத்தில் மத்திய அரசு 30, மாநில அரசு 30 விழுக்காடு தந்தால் விவசாயியின் பங்கு 40 விழுக்காடு, அதாவது 1,20,000. அப்போது நிகர மதிப்பு சுமார் 2,41,000 ரூபாய். மானியமே இல்லாமல் வாங்கினாலும் 61,000 மிஞ்சுகிறது.

இப்போது இன்ஜின் 300 மணி நேரம்தான் ஓடுகிறது என்று மாற்றிப் பாருங்கள். வருட மிச்சம் 24,000-ஆகச் சுருங்கும். மானியத்தோடு 44,000 ரூபாய் மிஞ்சும். மானியம் இல்லையென்றால் 1,36,000 நஷ்டம். அதே பம்பு, அதே வெயில்தான். ஒருபோக மானாவாரிக்கு நடுவே ஓரிரு தண்ணீர் விடுபவருக்கு இந்த முதலீடு சுமைதான். ஆண்டு முழுக்கக் காய்கறி போடுகிறவருக்குத்தான் அது சரிப்படும்.

வட்டியும் அப்படித்தான். முன்பணத்தை மாதம் ரெண்டு வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 24 விழுக்காடு. அந்த விகிதத்தில் 600 மணி நேரப் பண்ணைக்கே நிகர மதிப்பு 73,000-க்கு இறங்கிவிடுகிறது. மானியமில்லாமல் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்டம். வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ கடன் கிடைக்கும்வரை பொறுத்திருப்பது எவ்வளவு பெறும் என்பது இங்கே தெரிகிறது.

நம்மூருக்கே உரிய ஆபத்து வேறொன்று. பம்பு வாங்கிய மூன்றாவது வருடமே இலவச மின் இணைப்பு கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் பிறகு மிச்சப்படுத்த டீசல் இல்லை. மூன்று வருட மிச்சத்தின் இன்றைய மதிப்பு 1,24,000, போட்டது 1,20,000. கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகும். முழு விலை கொடுத்தவர் 1,75,000 இழப்பார். எனவே வேளாண்மைப் பொறியியல் துறையில் மனுக் கொடுக்கும் முன், மின் இணைப்பு வரிசையில் தன் இடம் எங்கே இருக்கிறது, சோலார் எடுத்தால் அந்த இடம் நிலைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பம்பு வந்த பிறகு கணக்கு கெடுவது பெரும்பாலும் சத்தமில்லாமல்தான். வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்றின்மேல் தென்னை மட்டையின் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதன் சக்தியும் இறங்கலாம். புழுதி படிந்தாலும் தண்ணீர் குறையும். பம்பு ஓடிக்கொண்டே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மாட்டிய வாரம், தெளிந்த வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்குப் பீப்பாய் நிரம்பும் நொடியைக் கன்ட்ரோலர் பெட்டியின் கதவிலேயே எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அதே நேரத்தில் அளந்து பார்த்தால் போதும். பேனலைக் கழுவியும் நொடி கூடுதலாகவே இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது கிணற்றை.

ஏனென்றால் நீர்மட்டம் 20 மீட்டரிலிருந்து 30-க்குப் போனால், ஒன்றரை லட்சம் லிட்டர் தந்த அதே பேனல் ஒரு லட்சம்தான் தரும். குறைந்த தண்ணீரை ஈடுகட்ட இன்ஜின் மறுபடி ஓடும். 50,000 என்று எழுதிய வருட மிச்சம் சுருங்கும். டீசல் ஊற்றியபோது செலவுக்குப் பயந்து இன்ஜினை நிறுத்தினோம். சோலாரில் அந்தப் பயம் இல்லாததால், தேவை முடிந்த பிறகும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது எனக்குக் கவலையளிக்கிறது. அந்தத் தண்ணீருக்கு இந்தக் கணக்கில் எங்கேயும் விலை போடவில்லை. ஆழத்தை மே மாதத்தில், கிணறு மிகவும் இறங்கியிருக்கும்போது அளந்து, அந்த அளவுக்கே பம்பைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசியில் நிறைந்த கிணற்றைப் பார்த்து எடுத்த பம்பு, கோடையில் தண்ணீர் அதிகம் வேண்டிய நேரத்தில் காற்றை இழுத்துக்கொண்டு நிற்கும்.