பேச்சு நடக்கும்போது வேலையைப் பறிக்கலாமா?

சட்டக் கல்லூரியில் தொழிலாளர் சட்டத் தாளில் வழக்கமாக ஒரு கதை வினா இருக்கும். ஒரு தொழிற்சாலை, ஒரு சங்கம், ஒரு பணிநீக்கம், நடுவே சில தேதிகள். அதற்கு விடை எழுதும் முறை தெரிந்தால், ஆலை வாசலில் நடக்கும் உண்மையான தகராறுகளும் நமக்கு விளங்கும். அப்படி ஒரு கற்பனை வினாவை எடுத்துக்கொண்டு, தேர்வில் எழுதும் வரிசையிலேயே விடை காண்போம்.

வினா

கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 600 தொழிலாளர்கள். பெரிய சங்கத்தில் 420 பேர், சிறிய சங்கத்தில் 90 பேர். ஊதிய உயர்வும் உற்பத்தி இலக்கும் பற்றிப் பெரிய சங்கம் எழுப்பிய தகராறு, 2024 ஏப்ரல் முதல் அரசின் சமரச அலுவலர் முன் இருக்கிறது. மே 10 அன்று நிர்வாகம் சிறிய சங்கத்தோடு மட்டும் தனியாக ஓர் ஒப்பந்தம் போடுகிறது: மாதம் 1,500 ரூபாய் உயர்வு, ஒரு ஷிப்டுக்கு 100 ஆக இருந்த இலக்கு இனி 115. மே 13 முதல் புதிய இலக்கு எல்லோருக்கும் அமலாகிறது.

பெரிய சங்கத்து ஆபரேட்டர் ஒருவர், “பேச்சு முடியும்வரை பழைய எண்ணிக்கைதான்” என்று உடன் வேலை செய்பவர்களிடம் சொல்கிறார். சூப்பர்வைசரோடு வாக்குவாதம் முற்றுகிறது. மேலாளர் உத்தரவை மீறினார், மற்றவர்களைத் தூண்டினார் என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை வருகிறது. உள் விசாரணையில் அவர் கேட்ட இரண்டு சாட்சிகளை விசாரிக்க அனுமதி இல்லை. ஜூன் 20 அன்று சமரச அலுவலர் ‘உடன்பாடு இல்லை’ என்று முறிவு அறிக்கை எழுதுகிறார். ஜூன் 24 அன்று ஒரு மாத ஊதியத்தோடு ஆபரேட்டர் பணிநீக்கம் செய்யப்படுகிறார். முறிவு அறிக்கை அரசின் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஜூன் 28. பணிநீக்கம் செல்லுமா? ஒப்பந்தம் எல்லோரையும் கட்டுப்படுத்துமா?

எழுவினாக்கள்

பணிநீக்கம் நடந்த நாளில் சமரசம் நிலுவையில் இருந்ததா என்பது முதல் எழுவினா. இருந்தது என்றால், நிர்வாகம் சட்டம் சொன்ன வழியில் நடந்ததா என்பது அடுத்தது. சிறிய சங்கத்தின் ஒப்பந்தம் மற்றவர்களைக் கட்டுப்படுத்துமா என்பது மூன்றாவது.

சட்டமும் பொருத்தமும்

சம்பவம் 2024இல் நடந்ததால் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம்தான் பொருந்தும். முதல் எழுவினாவில்தான் பலர் சறுக்குவார்கள். சமரச அலுவலர் கைவிரித்த அன்றே சமரசம் முடிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் உடன்பாடு ஏற்படாத சமரசம், முறிவு அறிக்கை அரசுக்குக் கிடைத்த நாளில்தான் முடிகிறது என்கிறது சட்டத்தின் 20ஆவது பிரிவு. ஜூன் 24 அன்று அறிக்கை இன்னும் அரசுக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே சமரசம் நிலுவையில்தான் இருந்தது.

இங்கேதான் 33ஆவது பிரிவு வருகிறது. தகராறு பேசித் தீர்க்கப்படும் காலத்தில் ஆலையில் நிலைமை மாறாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தகராறோடு தொடர்புள்ள குற்றத்துக்காக ஒருவரை நீக்க வேண்டுமானால், தகராறு யார் முன் நிலுவையில் இருக்கிறதோ அவரிடம் எழுத்து மூலம் முன் அனுமதி வாங்க வேண்டும். தொடர்பில்லாத குற்றம் என்றால் முன் அனுமதி தேவையில்லை. ஆனால் ஒரு மாத ஊதியம் தர வேண்டும்; எடுத்த நடவடிக்கைக்கு ஒப்புதல் கேட்டு அவரிடமே மனுவும் போட வேண்டும். நீக்கம், ஊதியம், மனு மூன்றும் ஒரே தொடர்ச்சியாக நடக்க வேண்டும் என்று ஸ்ட்ராபோர்டு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் சொன்னது.

நம் ஆபரேட்டர் பேசியது உற்பத்தி இலக்கைப் பற்றி. சமரசத்தில் இருந்த தகராறும் அதே இலக்கைப் பற்றியதுதான். எனவே தொடர்புள்ள குற்றம். முன் அனுமதி கட்டாயம். நிர்வாகம் அதை வாங்கவில்லை.

“சூப்பர்வைசரோடு சண்டை போட்டது தனி ஒழுங்கீனம், தகராறோடு சம்பந்தமில்லை” என்று நிர்வாகம் வாதிடலாம். நல்ல விடைத்தாள் இந்த வாதத்தையும் எதிர்கொள்ளும். அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒப்புதல் மனு போடப்படவில்லை. ஒரு மாத ஊதியம் மட்டும் கொடுத்தால் போதாது. ஒப்புதல் கேட்காமலோ பெறாமலோ செய்த பணிநீக்கம் செல்லாது, தொழிலாளி பணியில் தொடர்வதாகவே கொள்ள வேண்டும் என்று ஜெய்ப்பூர் ஜில்லா சககாரி பூமி விகாஸ் வங்கி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2002இல் தீர்ப்பளித்தது. எந்த வழியில் போனாலும் இந்தப் பணிநீக்கம் நிற்காது.

சாட்சிகளை மறுத்தது வேறொரு குறை. ஆனால் அதையே முதல் வாதமாக வைப்பது பலவீனமானது. உள் விசாரணை பழுதாக இருந்தால், தொழிலாளர் நீதிமன்றத்தில் புதிதாகச் சாட்சியம் வைத்துக் குற்றத்தை நிரூபிக்க நிர்வாகத்துக்கு வாய்ப்பு உண்டு என்பது 1973ஆம் ஆண்டின் ஃபயர்ஸ்டோன் தீர்ப்பு. குற்றம் நிரூபணமானாலும், தண்டனை மிகை என்று தோன்றினால் 11ஏ பிரிவின்படி நீதிமன்றம் அதைக் குறைக்கலாம்.

இனி ஒப்பந்தம். நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போடுவது 18(1) ஒப்பந்தம். கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன் போடுவது 12(3) ஒப்பந்தம். அது 18(3) பிரிவின்படி, சங்கத்தில் இல்லாதவர்கள் உட்பட ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். தனி ஒப்பந்தம் வெளியே இருப்பவர்களைக் கட்டாது என்று டாடா கெமிக்கல்ஸ் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கே கையெழுத்திட்டது பெரும்பான்மைச் சங்கம். அதற்கே அப்படி என்றால் 90 பேரின் சங்கம் மற்ற 510 பேரை எப்படிக் கட்டும்? மேலும், சமரசத்தில் இருக்கும் விஷயத்தில் பணி நிலைமையைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று 33ஆவது பிரிவே தடுக்கிறது. இலக்கை 115 ஆக்கியது அந்தத் தடையையும் மீறியது.

முடிவும் நிவாரணமும்

பணிநீக்கம் செல்லாது, ஒப்பந்தம் சிறிய சங்கத்தினரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆபரேட்டர் 2ஏ பிரிவின்படி சமரச அலுவலரிடம் முறையிட்டு, 45 நாட்களில் தீர்வு வராவிட்டால் தானே நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். பின்ஊதியம் கேட்கும்போது, இடைப்பட்ட காலத்தில் வேறு வேலையில் இல்லை என்பதை அவர் மனுவிலேயே சொல்ல வேண்டும். அவர் வேறு வேலை பார்த்தார் என்று நிரூபிப்பது அதன்பின் நிர்வாகத்தின் பொறுப்பு என்கிறது 2013ஆம் ஆண்டின் தீபாலி தீர்ப்பு.

இதற்கு எல்லையும் உண்டு. 33ஆவது பிரிவு யாருக்கும் முழுக் கவசம் அல்ல. ஆபரேட்டர் சூப்பர்வைசரை அடித்திருந்து, நிர்வாகம் ஒழுங்காக விசாரித்து முன் அனுமதி கேட்டிருந்தால் அது கிடைத்திருக்கக்கூடும். அதேபோல், பேச்சுக்கு உட்கார்ந்தாலும் கையெழுத்திடும்படி நிர்வாகத்தைச் சமரச அலுவலர் கட்டாயப்படுத்த முடியாது.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய 33ஆவது பிரிவின் பாதுகாப்பு அதில் 90ஆவது பிரிவாகத் தொடர்கிறது. 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே பேச்சு நடத்தும் ஒரே சங்கம் என்பது புதிது. பணிநீக்கத்தை எதிர்த்துத் தகராறு எழுப்ப முன்பு மூன்று ஆண்டு அவகாசம். இப்போது இரண்டே ஆண்டு. வேலை போனவர்கள் பணிநீக்க உத்தரவையும் சமரசக் கடிதங்களையும் தேதியோடு பத்திரப்படுத்தி, அந்தக் கெடு முடிவதற்குள் முறையிட வேண்டும்.